இன்டர்வல் பயிற்சிக்கும் பந்தயத்துக்கும் முன் வார்ம்-அப்: 5 கி.மீ. ஓடுபவருக்கான முழுமையான வழிகாட்டி

பள்ளி மைதானத்தில் உடற்கல்வி ஆசிரியர் விசில் ஊதியதும் வரிசையாக நின்று, முழங்காலை மடக்காமல் குனிந்து, கால்விரலைத் தொட்டபடி பத்துவரை எண்ணிய பழக்கம் நம்மில் பலரைவிட்டு இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாலைப் பந்தயங்களில் இதை நன்றாகப் பார்க்கலாம். ஒருவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு குதிகாலைப் பிட்டத்தோடு சேர்த்து இழுப்பார். இன்னொருவர் நடைமேடை விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் கெண்டைக்காலை நீட்டிக்கொண்டே இருப்பார். அப்புறம் நேராகப் போய் வரிசையில் நிற்பார்கள். பந்தயம் தொடங்கி முதல் கிலோமீட்டர் முடிவதற்குள் மூச்சு வாங்கும், கால் கனக்கும். இரண்டாவது கிலோமீட்டரில் ஓரளவு சரியாகும்போது, இழந்த நேரத்தைத் துரத்தும் வேலை வந்து சேர்ந்திருக்கும்.

இந்த வழிகாட்டி 5 கி.மீ. தூரத்தை 25 நிமிட வாக்கில் ஓடும் ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கிலோமீட்டருக்கு 5 நிமிடம் என்பது அவருடைய பந்தய வேகம். வாரத்தில் ஒரு நாள் 800 மீட்டர் இன்டர்வல்கள், அதாவது இடையிடையே ஓய்வெடுத்துத் திரும்பத் திரும்ப வேகமாக ஓடும் சுற்றுகள், ஓடுகிறார். மற்ற தூரங்களுக்கு என்ன மாற வேண்டும் என்பது கடைசிப் பகுதியில் இருக்கிறது.

முதல் மூன்று நிமிடங்களின் கணக்கு

நின்றிருந்த உடல் திடீரென்று வேகமெடுத்தால், தசை கேட்கும் ஆக்சிஜன் அந்த நொடியே வந்துவிடாது. இதயத்துடிப்பு ஏறி, ரத்தக்குழாய்கள் விரிந்து, தசைக்குள் ஆக்சிஜன் பயன்பாடு தேவைக்கு ஈடாக உயர்வதற்கு இரண்டு மூன்று நிமிடங்கள் பிடிக்கும். அதுவரை உள்ள பற்றாக்குறையைத் தசை தன் கையிருப்பிலிருந்து செலவழித்துத்தான் ஈடுகட்டுகிறது. 25 நிமிடப் பந்தயத்தில் இந்தச் செலவு பின்னால் வந்து நிற்கும். நான்கு நிமிட இன்டர்வலில் இன்னும் மோசம்: முதல் சுற்றின் பெரும்பகுதி இப்படியே போய்விடும்.

அடுத்தது தசையின் வெப்பம். சூடேறிய தசை வேகமாகச் சுருங்கி விரியும். ரத்தமும் அதற்கு ஆக்சிஜனை எளிதாக விட்டுக்கொடுக்கும். தசையின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், வெடிப்பாகச் செய்யும் அசைவுகளின் திறன் 2 முதல் 5 சதவீதம்வரை கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஓடத் தொடங்கிய முதல் ஐந்து நிமிடங்களில் இந்த வெப்பம் விறுவிறுவென்று ஏறும். 10 முதல் 20 நிமிடங்களுக்குள் ஏறக்குறைய ஒரு நிலையில் நின்றுவிடும். மெதுவோட்டத்தை அரை மணி நேரம் நீட்டுவதில் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம். ஓட்டத்தை நிறுத்தினால் ஏறிய வெப்பம் இறங்கத் தொடங்கும்; கால் மணி நேரம் சும்மா நின்றால் அதில் கணிசமான பகுதி போய்விடும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை.

மூன்றாவது, கால்களுக்கு வேகத்தின் தாளம் பழக வேண்டும். கிலோமீட்டருக்கு 7 நிமிட வேகத்தில் எவ்வளவு நேரம் ஓடினாலும், 5 நிமிட வேகத்துக்குத் தேவையான அடிவைப்பு வந்துவிடாது. அதை அந்த வேகத்தில் ஓடித்தான் எழுப்ப வேண்டும்.

நின்று நீட்டுவதும் அசைந்து நீட்டுவதும்

ஸ்டாட்டிக் ஸ்ட்ரெட்ச்சிங் என்றால் ஒரு தசையை நீட்டி அப்படியே பிடித்து நிற்பது. டைனமிக் அசைவு என்றால் மூட்டை அதன் முழு வீச்சுக்கும் கொண்டுபோய் உடனே திரும்புவது, அதையே திரும்பத் திரும்பச் செய்வது. மேலே சொன்ன மூன்று வேலைகளில் ஸ்டாட்டிக் முறை எதையும் செய்வதில்லை. மரத்தைப் பிடித்து நிற்கும்போது இதயத்துடிப்பு ஏறாது, தசை சூடேறாது, ஓட்டத்தின் தாளமும் வராது.

அதற்காக அதை விஷம்போல ஒதுக்கவும் தேவையில்லை. இங்கே நேரம்தான் முக்கியம். ஒரு தசைக்கு மொத்தம் 60 விநாடிக்குள் முடித்துக்கொண்டால், வலிமையிலும் குதிக்கும் திறனிலும் ஏற்படும் இழப்பு சராசரியாக ஒரு சதவீத அளவில்தான் இருக்கிறது. 60 விநாடியைத் தாண்டினால் அது நான்கு ஐந்து சதவீதத்தைத் தொடுகிறது. டைனமிக் அசைவுகளுக்குப் பிறகோ சிறிதளவு முன்னேற்றம் தெரிகிறது. பல ஆய்வுகளைத் திரட்டி 2016இல் வெளியான ஒரு பெரிய மதிப்பாய்வின் சாரம் இது. இந்த அளவீடுகளில் பெரும்பாலானவை நீட்டி முடித்த சில நிமிடங்களுக்குள் எடுக்கப்பட்டவை. நீட்டிய பிறகு முறையான அசைவுகளும் வேக ஓட்டங்களும் செய்தால் அந்தச் சிறு இழப்பும் ஏறக்குறைய மறைந்துவிடும். ஆக, தவறு நீட்டுவதில் மட்டும் இல்லை. ரொம்ப நேரம் நீட்டுவதும், அதையே கடைசி வேலையாக வைத்துக்கொள்வதும்தான் தவறு.

நீண்ட நேரம் நீட்டினால் திறன் ஏன் குறைகிறது? ஓடும்போது குதிகால் தசைநாண் ஒவ்வோர் அடியிலும் இழுபட்டு, சேர்த்த விசையை அடுத்த அடிக்குத் திருப்பிக் கொடுக்கும் சுருள்வில்லைப் போல வேலை செய்கிறது. தசையும் தசைநாணும் ஓரளவு விறைப்பாக இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். நெடுநேரம் நீட்டுவது அந்த விறைப்பைத் தற்காலிகமாகத் தளர்த்துகிறது. தசையை இயக்கும் நரம்புத் தூண்டலும் சிறிது நேரம் மந்தமாகிறது. காலை எழுந்ததும் "உடம்பு விறைப்பாக இருக்கிறது" என்று நீட்டுபவர், தனக்குத் தேவையான விறைப்பையும் சேர்த்தே போக்கிக்கொள்கிறார்.

"நீட்டாவிட்டால் காயம் வருமே" என்பது அடுத்த கேள்வி. ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,500க்கும் மேற்பட்ட ஆண்களை இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. இரு குழுவும் வார்ம்-அப் செய்தன; ஒரு குழு மட்டும் கூடவே கால் தசைகளை ஸ்டாட்டிக் முறையில் நீட்டியது. பயிற்சிக்காலம் முடிந்தபோது கால் காயங்களில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. மறுநாள் உடல்வலியைக் குறைக்கவும் நீட்டுவது பெரிதாக உதவுவதில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு: தடை தாண்டுபவர்களுக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்பவர்களுக்கும் மூட்டு வழக்கத்துக்கு மீறிய வீச்சில் திறக்க வேண்டும் என்பதால், நின்று நீட்டுவதற்கு அவர்களுடைய வார்ம்-அப்பில் இடம் இருக்கிறது. நேராக ஓடும் நமக்கு அவ்வளவு வீச்சு தேவையில்லை.

படி 1: மெதுவோட்டம், 10 முதல் 15 நிமிடம்

முதல் நான்கு நிமிடங்கள் கூச்சப்படும் அளவுக்கு மெதுவாக இருக்கட்டும். நம் 25 நிமிட ஓட்டக்காரருக்கு இது கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம். பிறகு 6:45 அளவுக்கு வரலாம். கடைசி இரண்டு நிமிடங்களை மட்டும் 5:45 வாக்கில், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசச் சற்றே சிரமப்படும் அளவுக்கு ஓட வேண்டும். மூச்சும் இதயமும் விழிப்பது இந்த இரண்டு நிமிடங்களில்தான். முழு மெதுவோட்டத்தையும் ஒரே வேகத்தில் முடிப்பவர்கள் இந்தப் பலனை இழக்கிறார்கள்.

போதுமா என்று அறிய எளிய அடையாளம்: நெற்றியிலும் பிடரியிலும் லேசாக வியர்வை அரும்பியிருக்க வேண்டும், சட்டை நனைந்திருக்கக் கூடாது. மணிக்கட்டுக் கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பை இந்த நேரத்தில் அதிகம் நம்ப வேண்டாம். தோல் குளிர்ந்திருக்கும்போது அவை அடிக்கடி தவறாகக் காட்டும்.

விடியற்காலை நான்கரைக்கு எழுந்து ஐந்தரைக்கு ஓடுபவர் 15 நிமிடத்தின் பக்கம் சாயலாம். உடலின் வெப்பம் நாளிலேயே மிகக் குறைவாக இருப்பது அந்த விடியற்காலையில்தான். மாலையில் ஓடுபவருக்குப் பத்து நிமிடம் போதும்.

படி 2: டைனமிக் அசைவுகள், 5 நிமிடம்

இணையத்தில் இருபது முப்பது அசைவுகள் கிடைக்கும். ஐந்து போதும். அவற்றை எளிதிலிருந்து துடிப்பானதை நோக்கி வரிசைப்படுத்துவதுதான் முக்கியம்.

முதலில் கால் வீச்சு. கம்பத்தையோ சுவரையோ ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு காலை முன்னும் பின்னும் பத்து முறை வீச வேண்டும். பிறகு பக்கவாட்டில் பத்து முறை. முதல் மூன்று வீச்சுகள் சிறியதாக இருக்கட்டும், பிறகு தானாக உயரட்டும். இங்கே பலர் செய்யும் தவறு, காலை உயரத் தூக்கும் ஆர்வத்தில் இடுப்பை வளைப்பது. முதுகு அசையாமல், இடுப்பு மூட்டு மட்டும் திறந்து மூட வேண்டும். வீச்சின் உச்சியில் பின்தொடையில் சுரீர் என்று இழுத்தால் உயரம் அதிகம் என்று பொருள்.

அடுத்து நடை லஞ்ச்: நீளமாக ஓர் அடி வைத்து, பின்கால் முழங்கால் தரையைத் தொடும் அளவுக்கு இறங்கி, எழுந்து அடுத்த அடி. பக்கத்துக்கு ஆறு போதும். பத்து பன்னிரண்டு என்று போனால் தொடை களைத்துவிடும். பந்தய நாளில் இதுவரை செய்யாத லஞ்சை முதல்முறையாக முயல்வதும் வேண்டாம்.

மூன்றாவதும் நான்காவதும் 20 மீட்டர் தூரத்துக்கு நகர்ந்தபடி செய்பவை: முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வேகமாக அடிவைப்பது, குதிகாலைப் பிட்டத்தை நோக்கி இழுப்பது. இரண்டிலும் முன்னேறும் வேகம் முக்கியமல்ல. பாதம் தரையில் தங்கும் நேரம் குறைய வேண்டும். தரையில் பாதம் தொப்பென்று விழும் சத்தம் கேட்டால் நன்றாகச் செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஏ-ஸ்கிப், அதாவது ஒரு முழங்காலைத் தூக்கும்போதே ஊன்றிய காலால் சிறு துள்ளல் போடுவது. 20 மீட்டர் இரண்டு முறை. குதிகால் தசைநாணின் சுருள்வில் வேலை இங்கேதான் தொடங்குகிறது. தாளம் பிடிபடாதவர்கள் இரு கால்களையும் சேர்த்துவைத்து, முழங்காலை அதிகம் மடக்காமல், கணுக்காலால் மட்டும் பதினைந்து சிறு துள்ளல்கள் போட்டாலும் போதும்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் பிடிவாதமாக இறுகியிருக்கிறதா? மெதுவோட்டம் முடிந்து, இந்த அசைவுகளைத் தொடங்குமுன், அதை மட்டும் 20 விநாடி வீதம் இரண்டு முறை நின்று நீட்டிக்கொள்ளலாம். வார்ம்-அப்பில் ஸ்டாட்டிக் முறைக்கு நான் ஒதுக்கும் இடம் அவ்வளவுதான். மெதுவோட்டத்திலேயே வலி கூடிக்கொண்டு போனால் அது இறுக்கம் அல்ல. அன்றைய வேக ஓட்டத்தை விட்டுவிட வேண்டும்.

படி 3: ஸ்ட்ரைட்ஸ், 5 நிமிடம்

ஸ்ட்ரைட்ஸ் என்பவை 15 முதல் 20 விநாடிவரை, படிப்படியாக வேகமெடுத்து, படிப்படியாகவே குறைத்து நிறுத்தும் குறு ஓட்டங்கள். நம்மவர் ஏறக்குறைய 60 முதல் 80 மீட்டர் ஓடுவார். நான்கு போதும், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நிமிடம் நடை. முதலாவது பந்தய வேகத்தைவிடக் குறைவு, இரண்டாவது அதே வேகம், மூன்றாவதும் நான்காவதும் கொஞ்சம் கூடுதல். எதுவும் முழுவேக ஓட்டம் அல்ல. நான்காவது முடிந்ததும் மூச்சு அரை நிமிடத்தில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அளவு மீறிவிட்டது.

நேரமில்லாதபோது பெரும்பாலானோர் முதலில் கைவிடுவது இதைத்தான். அது தலைகீழ். அலுவலகத்துக்கு ஓட வேண்டிய நாளில், கடைசி நிமிடம் மட்டும் வேகம் கூட்டிய ஏழு நிமிட மெதுவோட்டம், கால் வீச்சும் ஏ-ஸ்கிப்பும் மட்டும் கொண்ட இரண்டு நிமிடம், மூன்று ஸ்ட்ரைட்ஸ் என்று 12 நிமிடத்தில் முடிக்கலாம். வெட்ட வேண்டியது மெதுவோட்டத்தின் நீளத்தை. அடுத்து அசைவுகளின் எண்ணிக்கையை. ஸ்ட்ரைட்ஸ் மீது கைவைக்கக் கூடாது.

படி 4: பந்தய நாளில் மட்டும், ஒரு நிமிட முன்னோட்டம்

பிரிட்டனில் பயிற்சி பெற்ற 800 மீட்டர் ஓட்டக்காரர்களிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில் இரண்டு வார்ம்-அப்கள் ஒப்பிடப்பட்டன. வழக்கமான வார்ம்-அப்பில் ஆறு 50 மீட்டர் ஸ்ட்ரைட்ஸ் இருந்தன. மற்றதில் அவை இரண்டாகக் குறைக்கப்பட்டு, பதிலாகப் பந்தய வேகத்தில் தொடர்ச்சியாக 200 மீட்டர் சேர்க்கப்பட்டது. அந்த 200 மீட்டரை ஓடியபோது 800 மீட்டர் நேரம் சராசரியாக ஒரு விநாடிக்குச் சற்று அதிகமாகவே குறைந்தது. முன்கூட்டியே ஒருமுறை உழைத்துவிட்ட உடல், அடுத்த ஓட்டத்தில் ஆக்சிஜனை அதிகமாகப் பயன்படுத்தியதுதான் காரணம்.

5 கி.மீ. ஓடுபவர் இதையே மென்மையாகச் செய்யலாம்: பந்தய வேகத்தில் ஒரு நிமிடம், அதாவது 200 மீட்டர், அதற்குமேல் வேண்டாம். அதன் பிறகு எட்டுப் பத்து நிமிட இடைவெளி அவசியம். இடைவெளி கிடைக்காது என்று தெரிந்தால் இந்தப் படியை விட்டுவிடலாம். இன்டர்வல் நாளில் இது தேவையே இல்லை. முதல் 800 மீட்டரே அந்த வேலையைச் செய்துவிடும்.

ஒரு பந்தயக் காலை, நிமிடக் கணக்கில்

பந்தயம் 6:15க்கு என்று வைத்துக்கொள்வோம். 5:25க்கு மைதானத்தில் இருக்க வேண்டும். எண் அட்டையைக் குத்துவதும் கழிப்பறை வரிசையும் முதலில். வார்ம்-அப் முடித்த பிறகு அந்த வரிசையில் நின்றால் செய்ததெல்லாம் வீண். 5:40க்கு மெதுவோட்டம், 12 நிமிடம். 5:52க்கு அசைவுகள். மூன்று நிமிடம் ஷூ கயிற்றை இறுக்கவும் ஒரு வாய்த் தண்ணீருக்கும். சரியாக 6 மணிக்கு ஸ்ட்ரைட்ஸ். 6:05க்கு ஒரு நிமிட முன்னோட்டம். 6:06க்குத் தொடக்கக் கோட்டை நோக்கி நடை.

மீதி ஒன்பது நிமிடம். நம் ஊர்ப் பந்தயங்களில் குழப்பம் இங்கேதான் வருகிறது. மேடையில் ஜும்பா நடக்கும், சிறப்பு விருந்தினர் வருவார், கொடியசைப்பு தள்ளிப்போகும். ஜும்பா ஆடியதை வார்ம்-அப் என்று கணக்கில் சேர்ப்பவர்கள், அது முடிந்து இருபது நிமிடம் கூட்டத்துக்குள் அசையாமல் நின்றதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தோளோடு தோள் இடிக்கும் கூட்டத்திலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு: இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பத்துக் கணுக்கால் துள்ளல், தொடக்கம் பத்து நிமிடத்துக்குமேல் தள்ளிப்போனால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இருந்த இடத்திலேயே 20 விநாடி முழங்கால் உயர்த்தி வேகமாக அடிவைத்தல். அந்தக் காத்திருப்பில் குனிந்து கால்விரலைத் தொட்டு நிற்பதை மட்டும் தவிர்க்கலாம்.

இன்டர்வல் நாளும், சரியாகச் செய்தோமா என்ற சோதனையும்

அதே ஓட்டக்காரர் ஆறு முறை 800 மீட்டர் ஓடப்போகிறார், ஒவ்வொன்றும் 4 நிமிட இலக்கில். முதல் மூன்று படிகளையும் முடித்து, இரண்டு நிமிடம் நடந்து, நேராகத் தொடங்கலாம். மொத்தம் 22 முதல் 27 நிமிடம். முதல் சுற்றை வேண்டுமென்றே 4:05இல் ஓடுவது நல்லது.

சுற்று நேரங்களை எழுதிவைத்தால் வார்ம்-அப்பின் தரம் அதிலேயே தெரியும். முதல் சுற்று 4:04 ஆகி மூச்சு திணறி, மூன்றாவது சுற்று 3:58 ஆகியும் அதைவிட எளிதாக இருந்தால், வார்ம்-அப் போதவில்லை. மெதுவோட்டத்தின் கடைசி இரண்டு நிமிடத்தை வேகமாக்கி, ஒரு ஸ்ட்ரைடு சேர்க்கலாம். முதல் சுற்று 3:50இல் முடிந்து பிறகு ஒவ்வொன்றும் சரிந்துகொண்டே போனால், குற்றம் வார்ம்-அப்பில் இல்லை, வேகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தொடங்குமுன்பே தாகமெடுத்து, சட்டை நனைந்து, நடந்தும் மூச்சு அடங்கவில்லை என்றால் வார்ம்-அப் அளவு மீறிவிட்டது.

இந்தக் கடைசி நிலை சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஏப்ரல், மே மாதங்களில் எளிதில் வரும். புழுக்கத்தில் தசை விரைவாகவே சூடேறும். அதற்குமேல் உடலின் உள்வெப்பத்தை ஏற்றுவது 5 கி.மீ. ஓட்டத்திலும் அதைவிட நீண்ட ஓட்டத்திலும் நஷ்டம்தான். மெதுவோட்டத்தை எட்டு நிமிடமாகக் குறைத்து, நிழலில் அசைவுகளைச் செய்து, ஸ்ட்ரைட்ஸை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஊட்டியில் டிசம்பர் காலையில் நேரெதிர்: 15 நிமிட மெதுவோட்டம், தொடங்கும் நிமிடம்வரை மேலாடையும் நீளக் காற்சட்டையும்.

மற்ற தூரங்களுக்கு

பந்தயம் குறுகக் குறுக வார்ம்-அப் நீளும். 800 அல்லது 1,500 மீட்டர் ஓடுபவர் 35 முதல் 45 நிமிடம் ஒதுக்குவது வழக்கம். அங்கே முதல் நூறு மீட்டரிலேயே முழுவேகம் வேண்டும். அதோடு, தடகளப் போட்டிகளில் ஓட்டக்காரர்களை முன்கூட்டியே அழைத்து உட்காரவைத்துவிடுவார்கள் என்பதால், அந்த இடைவெளியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். 10 கி.மீ.க்கு எட்டுப் பத்து நிமிட மெதுவோட்டம், அசைவுகள், மூன்று ஸ்ட்ரைட்ஸ் போதும். அரை மராத்தானுக்கு ஐந்து நிமிட மெதுவோட்டமும் கால் வீச்சும் இரண்டு ஸ்ட்ரைட்ஸும். 5 கி.மீ.யை 35 அல்லது 40 நிமிடத்தில் ஓடும் புதியவருக்கு 12 நிமிட மெதுவோட்டமே கணிசமான உழைப்பு. அவர் ஐந்து நிமிடம் விரைநடை, மூன்று நிமிட மெதுவோட்டம், சில அசைவுகள், இரண்டு ஸ்ட்ரைட்ஸ் என்று நிறுத்திக்கொள்ளலாம்.

முழு மராத்தானுக்குச் சில நிமிட நடையும் கால் வீச்சும் போதும். அங்கே தசையில் எரிபொருளாகச் சேர்ந்த கிளைகோஜனைக் காப்பதுதான் பெரிய கவலை. முதல் இரண்டு கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்குப் பத்துப் பதினைந்து விநாடி மெதுவாக ஓடினால் அதுவே வார்ம்-அப் ஆகிவிடும்.